தொகையீட்டுக்குள் சிக்கிய சார்பு

பன்னிரண்டாம் வகுப்பில் தொகையிடலைப் படித்து முடித்த ஒரு மாணவரிடம் x² என்றோ sin x என்றோ எழுதிக் கொடுத்தால் தயங்காமல் தொகையிட்டுவிடுவார். அவர் முன்னால் இந்தச் சமன்பாட்டை வைத்தால் பேனா சற்று நின்றுவிடும்:

f(x) = 2 + 3 ∫₀ˣ f(t) dt

கண்டுபிடிக்க வேண்டியது f என்ற சார்பு. அது இடப்பக்கம் வெளியே நிற்கிறது. வலப்பக்கம் தொகையீட்டுக்குள்ளேயும் இருக்கிறது. தொகையீட்டின் மதிப்பு தெரிந்தால் f கிடைத்துவிடும். ஆனால் அந்த மதிப்பைக் கணக்கிட f தெரிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் கதவு உள்ளே தாழிட்டிருக்கிறது.

இப்படித் தெரியாத சார்பு தொகையீட்டுக்குள் இருக்கும் சமன்பாடுகளைத் தொகையீட்டுச் சமன்பாடுகள் என்பார்கள். ஜே.இ.இ. போன்ற நுழைவுத் தேர்வுகளில் இவை அடிக்கடி தலைகாட்டும். பயிற்சி வகுப்பில் இதற்கு ஒரே வரியில் வழி சொல்லிவிடுவார்கள்: “ரெண்டு பக்கமும் டிஃபரன்ஷியேட் பண்ணு.” அந்த வழி சரியானதுதான். ஆனால் வகையிடும் அந்த நொடியில் சமன்பாட்டிலிருந்து ஒரு தகவல் கழன்று விழுகிறது. அதைக் கவனிக்காமல் போனால் தவறான விடை வரும். சில சமயம், விடையே இல்லாத கணக்குக்குக்கூட ஒரு விடை வந்து நிற்கும்.

முதலில் வகையிடல் ஏன் இங்கே வேலை செய்கிறது என்று பார்ப்போம். வண்டியில் இரண்டு கருவிகள் இருக்கின்றன. ஒன்று இந்தக் கணத்தின் வேகத்தைக் காட்டும். மற்றது இதுவரை ஓடிய தூரத்தைக் காட்டும். ஓடிய தூரம் என்பது வேகத்தின் தொகையீடு. அந்தத் தூரம் இந்தக் கணத்தில் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று கேட்டால், பதில் இந்தக் கணத்தின் வேகமேதான். நுண்கணிதத்தின் அடிப்படைத் தேற்றம் சொல்வது இதைத்தான்: மேல் எல்லை x ஆக உள்ள ∫₀ˣ f(t) dt என்பதை x-ஐப் பொறுத்து வகையிட்டால் f(x) கிடைக்கும். தொகையீட்டுக்குள் இருந்த சார்பு வெளியே வந்துவிடுகிறது.

அப்படியே நம் சமன்பாட்டை வகையிடலாம். இடப்பக்கம் f′(x). வலப்பக்கத்து 2 மறைந்துவிடும். தொகையீட்டுக்குப் பதில் 3f(x) வரும். ஆக, f′(x) = 3f(x). தன் மதிப்பைப் போல மூன்று மடங்கு வேகத்தில் வளரும் சார்பு எதுவென்று நமக்குத் தெரியும்: f(x) = C e³ˣ. C என்பது ஏதோ ஒரு மாறிலி.

கழன்று விழுந்தது எது என்று இப்போது பார்க்கலாம். மூலச் சமன்பாட்டில் C போன்ற சுதந்திரம் எதுவும் இல்லை. அங்கே 2 என்று திட்டவட்டமாக ஓர் எண் இருந்தது. வகையிட்டதும் அந்த 2 காணாமல் போயிற்று. அந்த இடத்தில் 2 இருந்தாலும் 200 இருந்தாலும் வகையிட்ட பின் கிடைக்கும் சமன்பாடு ஒன்றுதான். தூர மீட்டர் ஏறும் விரைவை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு, வண்டி கிளம்பும்போது மீட்டரில் என்ன எண் இருந்தது என்று தெரியாது அல்லவா? அதே நிலைதான்.

நல்லவேளையாக, இழந்ததை மீட்கும் வழி மூலச் சமன்பாட்டிலேயே இருக்கிறது. அதில் x = 0 என்று போடுங்கள். 0 முதல் 0 வரை தொகையிட்டால் வருவது சுழி. ஆகவே f(0) = 2. இதை C e³ˣ-இல் பொருத்தினால் C = 2. விடை f(x) = 2e³ˣ. சரிபார்ப்பதும் எளிது: 2e³ᵗ-ஐ 0 முதல் x வரை தொகையிட்டு 3-ஆல் பெருக்கினால் 2e³ˣ − 2 வரும், அதோடு 2-ஐக் கூட்டினால் 2e³ˣ.

f வகையிடத்தக்கது என்று யார் சொன்னது என்று கவனமான வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. f தொடர்ச்சியானது என்று மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். தொடர்ச்சியான சார்பின் தொகையீட்டை எப்போதும் வகையிட முடியும். வலப்பக்கம் முழுவதும் வகையிடத்தக்கது என்றால், அதற்குச் சமமான இடப்பக்கமும் அப்படித்தானே இருக்க வேண்டும்? அந்த உரிமையைச் சமன்பாடே நமக்குக் கொடுத்துவிடுகிறது.

தொடக்க மதிப்பை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. ∫₀ˣ f(t) dt = x² + 1 என்று கொடுத்து f-ஐக் கேட்கிறார்கள். வகையிட்டால் f(x) = 2x. ஒரே படியில் விடை வந்துவிட்டது. மாறிலி என்ற தொல்லைகூட இல்லை. இப்போது 2x-ஐத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 0 முதல் x வரை தொகையிட்டால் x² மட்டும்தான் வருகிறது. அந்த 1 வரவில்லை. வேறு எந்த f-ஐப் போட்டாலும் வராது. x = 0 என்று வைத்தால் இடப்பக்கம் சுழி, வலப்பக்கம் 1. சமன்பாடு முதல் புள்ளியிலேயே உடைந்திருக்கிறது. அதற்குத் தீர்வே கிடையாது. வகையிடும்போது அந்த உடைசல் மறைந்துபோனதால்தான் ஒரு பொய்யான விடை எழுந்து நின்றது. மூலச் சமன்பாட்டை நிறைவு செய்யும் சார்பு, வகையிட்ட சமன்பாட்டையும் நிறைவு செய்யும். மறுதலை உண்மையாக வேண்டுமானால், தொடக்கப் புள்ளியில் இரு பக்கமும் பொருந்தியாக வேண்டும்.

இனி உண்மையான சிக்கலுக்கு வருவோம். இந்தச் சமன்பாட்டைப் பாருங்கள்:

f(x) = x − ∫₀ˣ (x − t) f(t) dt

இது வெறும் பயிற்சிக் கணக்கு அல்ல. சுருள்வில்லில் கட்டிய ஓர் எடையின் அசைவு இதற்குள் இருக்கிறது. x என்பதை நேரம் என்றும், f என்பதை நடுப்புள்ளியிலிருந்து எடை விலகியிருக்கும் தூரம் என்றும் கொள்ளுங்கள். எடை நடுவிலிருந்து 1 என்ற வேகத்தில் கிளம்புகிறது. வில் இழுக்காவிட்டால் x நேரத்தில் அது x தூரம் போயிருக்கும்; முதல் உறுப்பு அதுதான். ஆனால் விலகிய தூரம் எவ்வளவோ அவ்வளவு வலுவாக வில் அதைத் திரும்ப இழுக்கிறது. t என்ற கணத்தில் நடந்த இழுப்பு வேகத்தைக் கொஞ்சம் குறைக்கிறது. அந்தக் குறைவு அதற்குப் பிறகு உள்ள (x − t) நேரம் முழுவதும் நீடிக்கிறது. அதனால் தூரத்தில் ஏற்படும் இழப்பு (x − t) f(t) என்ற அளவுக்கு. கடந்து வந்த எல்லாக் கணங்களின் இழப்பையும் கூட்டினால் அந்தத் தொகையீடு.

இதை வகையிடும்போது மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மேல் எல்லை x என்பதால், உள்ளே t இருக்கும் இடத்தில் x-ஐப் போட்டால் போதும் என்று நினைத்துவிடுவார்கள். அப்படிப் போட்டால் (x − x) f(x), அதாவது சுழி. f′(x) = 1, தொடக்க மதிப்பு f(0) = 0, எனவே f(x) = x என்று முடித்துவிடுவார்கள். வில்லே இல்லாதது போன்ற விடை! திருப்பிப் போட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்: f-க்குப் பதில் x-ஐ வைத்து வலப்பக்கத்தைக் கணக்கிட்டால் x − x³/6 வருகிறது. இடப்பக்கம் x. பொருந்தவில்லை.

தவறு எங்கே? x இங்கே இரண்டு இடங்களில் இருக்கிறது; ஒன்று மேல் எல்லையில், மற்றொன்று தொகையீட்டுக்குள்ளே. x துளி நகர்ந்தால் இரண்டு மாற்றங்கள் நடக்கின்றன. கடைசியில் ஒரு புதிய துண்டு சேர்கிறது. கூடவே, ஏற்கெனவே உள்ள ஒவ்வொரு துண்டையும் பெருக்கும் (x − t) என்ற எடையும் மாறுகிறது. மேலே செய்த கணக்கு புதிய துண்டை மட்டும் எண்ணியது. பழைய துண்டுகள் எல்லாம் மாறியதை எண்ணவே இல்லை. இந்த இரண்டையும் சேர்த்துச் சொல்லும் விதிக்கு லைப்னிட்ஸ் விதி என்று பெயர்.

விதியை மனப்பாடம் செய்யாமலும் இங்கே தப்பிக்கலாம். தொகையிடப்படும் மாறி t. அதன் கண்ணுக்கு x வெறும் மாறிலி. அதை வெளியே எடுத்துவிடலாம்:

f(x) = x − x ∫₀ˣ f(t) dt + ∫₀ˣ t f(t) dt

இப்போது பெருக்கல் விதியைப் பயன்படுத்தி வகையிடுங்கள். நடு உறுப்பிலிருந்து − ∫₀ˣ f(t) dt, − x f(x) என்று இரண்டு வரும். கடைசி உறுப்பிலிருந்து + x f(x) வரும். x f(x) இரண்டும் அடிபட்டுப் போக, மிஞ்சுவது:

f′(x) = 1 − ∫₀ˣ f(t) dt

f இன்னும் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் தொகையீடு எளிதாகிவிட்டது. மறுபடியும் வகையிட்டால் f″(x) = −f(x). வில்லின் இயக்க விதி அப்படியே வெளியே வந்துவிட்டது.

இரண்டு முறை வகையிட்டோம். இரண்டு தகவல்கள் கழன்றிருக்கும். இரண்டையும் அந்தந்தப் படியில் எடுக்க வேண்டும். மூலச் சமன்பாட்டில் x = 0 போட்டால் f(0) = 0. ஒரு முறை வகையிட்ட சமன்பாட்டில் x = 0 போட்டால் f′(0) = 1. அவசரத்தில் இரண்டாம் படிக்கு ஓடிவிட்டு, இரண்டாவது நிபந்தனையைத் தேடி மூலச் சமன்பாட்டுக்கே திரும்புகிறவர்கள் அங்கே அதை நேராகக் காண மாட்டார்கள். அது நடுப்படியில்தான் வெளிச்சமாகத் தெரியும். ஆகவே ஒவ்வொரு முறை வகையிடுவதற்கு முன்பும் x = 0 போட்டு மதிப்பை ஓரத்தில் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். இந்த இரண்டு நிபந்தனைகளோடு f″ = −f என்பதை நிறைவு செய்வது ஒரே ஒரு சார்புதான்: f(x) = sin x.

இப்போது அந்தத் தவறான விடைக்குத் திரும்பலாம். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த பகுதி அது. x-ஐ உள்ளே போட்டபோது x − x³/6 வந்தது. அதை மீண்டும் உள்ளே போட்டால் x − x³/6 + x⁵/120 வருகிறது. x = 1 என்ற இடத்தில் இந்த மூன்றின் மதிப்பு முறையே 1, 0.8333, 0.8417. உண்மையான sin 1 = 0.8415. தவறான விடையைத் திரும்பத் திரும்ப அதே சமன்பாட்டுக்குள் செலுத்தினால், அது தானே திருந்திக்கொண்டு சைன் சார்பை நோக்கி வருகிறது. வகையிடாமலேயே தீர்க்கும் வழி இது.

இந்த வழியில் கேரளத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒருவர் நடந்திருக்கிறார். சைன் தொடரைக் கண்டவர் 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கேரளக் கணித மரபின் முதல்வரான சங்கமகிராமத்து மாதவன். அதன் நிரூபணம் ஜ்யேஷ்டதேவர் 1530 வாக்கில் மலையாளத்தில் எழுதிய ‘யுக்திபாஷா’வில் இருக்கிறது. வட்ட வில்லைப் பல சமத் துண்டுகளாகப் பிரித்து, அடுத்தடுத்த சைன்களின் வேறுபாடுகளைப் பார்க்கிறார்கள். அந்த வேறுபாடுகளின் வேறுபாடு சைனுக்கே விகிதமாக இருக்கிறது என்பது 499-இல் ஆரியபடர் தந்த அட்டவணை விதியிலேயே இருந்த செய்தி. அதைத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனால், சைன் என்பது வில்லின் நீளத்திலிருந்து சைன்களின் கூட்டலின் கூட்டலைக் கழித்தது என்று வருகிறது. நம் சமன்பாட்டின் உருவம் அதுவே. சைனைக் கண்டுபிடிக்க சைன்களைக் கூட்ட வேண்டும் என்ற அதே முட்டுக்கட்டையும் அங்கே உண்டு. அவர்கள் முதலில் சைனுக்குப் பதில் வில்லின் நீளத்தையே வைத்தார்கள்; கிடைத்த திருத்தத்தை மறுபடி உள்ளே வைத்தார்கள். நாம் தவறு என்று ஒதுக்கிய f(x) = x, அவர்களுடைய முதல் படி.

மேல் எல்லை x ஆக உள்ள இவ்வகைச் சமன்பாடுகளுக்கு இன்று இத்தாலியக் கணிதவியலாளர் வீட்டோ வோல்ட்டேராவின் பெயர் வழங்குகிறது. அவர் 1896-இல் இவற்றை முறையாக ஆராய்ந்தபோது, f தொகையீட்டுக்குள் மட்டுமே இருக்கும் சமன்பாட்டை ஒரு முறை வகையிட்டு, f-ஐ ஒரு தடவையாவது வெளியே கொண்டுவந்துவிட்டு, பிறகு மேலே சொன்ன திரும்பச் செலுத்தும் முறையைக் கையாண்டார். வகையிடலும் திரும்பச் செலுத்தலும் அவர் கையில் ஒரே வேலையின் இரண்டு படிகள்.

மேல் எல்லை x ஆக இல்லாமல் ஓர் எண்ணாக இருந்தால் கதை வேறு. f(x) = x + ∫₀¹ f(t) dt என்பதை எடுங்கள். இந்தத் தொகையீடு x-ஐச் சார்ந்தே இல்லை. அது ஏதோ ஓர் எண். வகையிட்டால் f′ = 1, f(x) = x + c. ஆனால் x = 0 போட்டாலும் தொகையீடு சுழியாகாது என்பதால் c-ஐ அந்த வழியில் பிடிக்க முடியாது. c என்பது அந்தத் தொகையீட்டின் மதிப்பேதான். x + c-ஐ 0 முதல் 1 வரை தொகையிட்டால் ½ + c. ஆக, c = ½ + c. எந்த எண்ணும் இதை நிறைவு செய்யாது, இதற்கும் தீர்வில்லை. தொகையீட்டின் மேல் எல்லையைப் பார்க்காமலே வகையிடத் தொடங்குகிறவர்கள் இங்கே x + c என்று எழுதி, c-க்கு ஏதாவது ஒரு மதிப்பைக் கொடுத்துவிடுவார்கள்.

மேல் எல்லை x ஆக இருந்தும் வகையிடல் முதல் படியிலேயே மறுக்கப்படும் கணக்கு ஒன்று உண்டு. நார்வே நாட்டு நீல்ஸ் ஹென்ரிக் ஆபெல் 1823-இல் அதை வெளியிட்டார். அப்போது அவருக்கு இருபது, இருபத்தொரு வயது. வளைந்த வழுக்குப் பாதை ஒன்றில், h உயரத்திலிருந்து நழுவும் ஒரு மணி அடிக்கு வர எடுக்கும் நேரம் T(h) நமக்குத் தெரியும். பாதையின் வடிவம் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஆற்றல் அழியாமையைப் பயன்படுத்தி எழுதினால் இப்படி வரும்:

T(h) = ∫₀ʰ f(y) / √(h − y) dy

பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்ற செய்தி f-க்குள் இருக்கிறது. வகையிட முயன்று, y-க்குப் பதில் h-ஐ வைத்தால் கீழே √(h − h), அதாவது சுழி வந்து உட்கார்ந்துகொள்கிறது. விதி சொல்லும் முதல் உறுப்பே முடிவிலியாகிவிடுகிறது. இரண்டாவது உறுப்பும் அப்படியே வெடிக்கிறது.

ஆபெல் வகையிடுவதைத் தள்ளிப்போட்டார். இரு பக்கத்தையும் 1/√(x − h) என்பதால் பெருக்கி, h-ஐப் பொறுத்து 0 முதல் x வரை இன்னொரு முறை தொகையிட்டார். தொகையிடும் வரிசையை மாற்றினால், உள்ளே 1/√((x − h)(h − y)) என்பதை y முதல் x வரை தொகையிட வேண்டியிருக்கிறது. அதன் மதிப்பு x எதுவானாலும் y எதுவானாலும் π. கரடுமுரடான பகுதி முழுவதும் ஓர் எண்ணாகச் சுருங்கிவிட்டது:

∫₀ˣ T(h) / √(x − h) dh = π ∫₀ˣ f(y) dy

இப்போது வலப்பக்கம் நம் பழைய நண்பர். இங்கே வகையிடலாம். எந்த உயரத்திலிருந்து விட்டாலும் ஒரே நேரத்தில் அடிக்கு வர வேண்டும் என்று கேட்டால், T ஒரு மாறிலி. இடப்பக்கம் 2T√x ஆகிறது. வகையிட்டால் f(x) = T / (π√x). தொடக்கப் புள்ளியையும் பார்த்துவிடுவோம்: x = 0-இல் இரு பக்கமும் சுழி; பொருந்துகிறது. இந்த f தரும் பாதையில், அடியிலிருந்து அளந்த வில் நீளத்தின் வர்க்கம் உயரத்துக்கு விகிதமாக இருக்கும். அது சைக்ளாய்டு, உருளும் சக்கரத்தின் விளிம்புப் புள்ளி வரையும் வளைகோடு. இதே வளைகோட்டுக்கு இந்தப் பண்பு உண்டு என்பதை ஹைகன்ஸ் தம் ஊசல் கடிகார நூலில் 1673-லேயே வடிவியல் வழியில் நிறுவியிருந்தார். ஆபெலின் வழியின் வலிமை வேறு: T எப்படி இருந்தாலும் பாதையைச் சொல்லிவிடும்.

T ஒரு சூத்திரமாக இருக்கும்வரை அந்தக் கடைசி வகையிடல் தொல்லை தராது. உண்மையான அளவீடுகளிலிருந்து வரும்போதுதான் அது கடிக்கும். ஆபெலின் சமன்பாடு இன்று சுடரின் படங்களிலிருந்து அதன் உட்பகுதி எப்படி இருக்கிறது என்று கணிக்கவும், நிலநடுக்க அலைகளின் பயண நேரத்திலிருந்து பூமிக்குள் அலைகளின் வேகத்தைக் கண்டறியவும் பயன்படுகிறது. அளவீட்டில் 0.001 sin 1000x போன்ற பிழை கலந்திருந்தால் அதைக் கண்ணால் பார்க்கவே முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்குதான். அதை வகையிட்டால் cos 1000x. ஆயிரத்தில் ஒன்றாக இருந்த பிழை முழு 1 ஆகிவிட்டது. விடையில் ரம்பப் பற்கள் போல மேலும் கீழும் குதிக்கும் கோடு தெரிந்தால், அது சுடரின் குணமா வகையிடலின் வேலையா என்று சந்தேகிக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை உண்டு: அளவீட்டை நெருக்கமான புள்ளிகளில் எடுத்துப் பார்ப்பது. பிழையின் அளவு மாறாமல் புள்ளிகள் மட்டும் நெருங்கினால், ரம்பப் பற்கள் இன்னும் உயரமாகும். அதனால் இத்துறையில் வேலை செய்கிறவர்கள் அளவீட்டுப் புள்ளிகளை அப்படியே வகையிட மாட்டார்கள். முதலில் அவற்றின் வழியே ஒரு சீரான வளைகோட்டைப் பொருத்துவார்கள், பிறகு அந்த வளைகோட்டை வகையிடுவார்கள். எவ்வளவு சீராக்குவது என்பதை ஒவ்வொரு அளவீட்டுக்கும் தனியாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதிகம் சீராக்கினால், சுடரில் உண்மையாகவே இருந்த கூர்மையும் கரைந்துபோகும்.